இன்வெர்ட்டர் வந்த வீடு

என் நண்பன் மூன்றாவது மாடியிலிருந்து விழுந்த செய்தி என் கடை போனுக்குத்தான் வந்தது. தொண்ணூறுகளின் நடுவில் நான் பாறசாலை சந்தை ரோட்டில் ஃபிரிட்ஜும் ஏசியும் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தேன். அவனும் நானும் ஒரே பள்ளிக்கூடம், ஒரே தொழில் படிப்பு. நான் ஊரிலேயே கடை போட்டேன். அவன் சிங்கப்பூருக்குப் போய் கட்டிடங்களில் ஏசி மாட்டும் வேலையில் சேர்ந்தான். வெளி யூனிட்டைச் சுவரில் பொருத்தும்போது, நின்றிருந்த பலகை சரிந்துவிட்டது. அவனோடு வேலை செய்த ஒருவன்தான் கூப்பிட்டுச் சொன்னான். உயிர் இருக்கிறது, கழுத்தெலும்பு ஒடிந்துவிட்டது என்றான். அதை அவன் மனைவியிடம் போய்ச் சொல்லும் வேலை எனக்கு வந்தது.

அவர்கள் வீடு கொல்லயிலில். கான்கிரீட் கூரை போட்டு ஒன்றரை வருடம்தான் ஆகியிருந்தது. அவள் நெய்யாற்றின்கரையில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தாள். நான் போனபோது வேலை முடிந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை. நான் சொல்லி முடித்ததும் அவள் கேட்டது ஒன்றுதான்.

"பேசுதாரா, அண்ணே?"

"பேசுதானாம்."

"அப்போ போதும்," என்றாள்.

நான்கு மாதம் கழித்து அவன் வந்தான். தோளை அசைப்பான். வலது முழங்கையை மடக்குவான், மணிக்கட்டைக் கொஞ்சம் தூக்குவான். விரல்கள் மடங்காது. நெஞ்சுக்குக் கீழே ஒன்றுமில்லை. ஆனால் பேச்சு மட்டும் முன்னைப் போலவே இருந்தது. என்னைக் கண்டதும், "எலே, எனக்க கட்டில சுவர்ல மாட்டதுக்கு பிராக்கெட் கொண்டு வந்தியா?" என்றான். நான் சிரிக்க முயன்று முடியாமல் வெளியே போய் நின்றேன்.

பெரிய ஆசுபத்திரி டாக்டர் அவன் மனைவியிடம் இரண்டு விஷயங்களைத் தெளிவாகச் சொல்லியிருந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், இல்லாவிட்டால் புண் வரும். அறை சூடாகக் கூடாது. அவன் உடம்பு கழுத்துக்குக் கீழே வியர்க்காது. அறை எவ்வளவு சூடோ அவ்வளவு சூடு அவன் உடம்பிலும் ஏறும். எங்கள் ஊரில் கும்பம், மீனம், மேடம் என்ற மலையாள மாதம் மூன்றிலும், அதாவது மாசியிலிருந்து சித்திரைவரை, நன்றாக இருக்கிறவர்களே ஈரத்துண்டோடு திரிவார்கள். அவனுக்கு முதல் கும்பத்திலேயே காய்ச்சல் மாதிரி உடம்பு கொதித்தது. மாத்திரைக்கு இறங்கவில்லை. ஈரத்துணி போட்டுத் துடைத்தால் இறங்கியது.

நான் ஒரு பழைய விண்டோ ஏசியை ஏற்பாடு செய்தேன். ஒரு டன். கம்ப்ரஸரைச் சோதித்து, காயிலைக் கழுவி, கேஸ் நிறைத்து, மேற்குச் சுவரை உடைத்து ஓட்டை போட்டு உட்காரவைத்தேன். அன்றைக்கு அவன் உடம்புச் சூடு சரியானது. அவள் அடுக்களைக்குப் போய் அழுதாள்.

இரண்டே வாரத்தில் அந்த மெஷினின் குணம் தெரிந்தது. மத்தியானம் எல்லாம் நன்றாக ஓடும். அறை குளிர்ந்ததும் தெர்மோஸ்டாட் கம்ப்ரஸரை நிறுத்தும். சாயங்காலம் ஆறரைக்குப் பிறகு ஊர் முழுக்க விளக்கு எரியும்போது எங்கள் பக்கம் வோல்ட்டேஜ் விழுந்துவிடும். அந்த நேரத்தில் நின்ற கம்ப்ரஸர் மறுபடி கிளம்பாது. கிளம்பும் அந்த ஒரு நொடிக்கு, ஓடும்போது இழுப்பதைப்போல ஐந்தாறு மடங்கு கரண்ட் வேண்டும். அது கிடைக்காது. வீட்டு விளக்கெல்லாம் மங்கும், மெஷின் 'ம்ம்ம்' என்று முனகும், உள்ளே இருக்கிற ஓவர்லோடு என்கிற பாதுகாப்பு சுவிட்ச் சூடாகி டக்கென்று விடுபடும். நான் ஸ்டெபிலைசர் வைத்தேன். கூடுதலாக ஸ்டார்ட்டிங் கெப்பாசிட்டர் போட்டேன். வோல்ட்டேஜ் நூற்று அறுபதுக்குக் கீழே போய்விட்டால் எதுவும் பலிக்கவில்லை.

கடைசியில் ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தேன். ஐந்தரை மணிக்கே தெர்மோஸ்டாட்டைக் கடைசி வரை திருப்பி வைத்துவிடுவது. அப்போது கம்ப்ரஸர் நிற்கவே நிற்காது. ஓடுகிற கம்ப்ரஸர் குறைந்த வோல்ட்டேஜிலும் எப்படியோ மூச்சைப் பிடித்து ஓடிவிடும். நின்றால்தானே கிளம்பவேண்டும்? ஆனால் அறை உறைந்துவிடும். அவள் அவன்மேல் இரண்டு கம்பளி போட்டு, தானும் ஒன்றைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கரண்ட் பில்லைப் பார்த்து லைன்மேனே வீட்டுக்கு வந்து மீட்டரைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டு கிடந்தவன் ஒருநாள் சொன்னான். "மக்கா, இதுக்கு இன்வெர்ட்டர்தான் வேணும்."

எனக்கு அந்தச் சொல்லே அப்போது வேறு பொருளில்தான் தெரியும். கரண்ட் போனால் பேட்டரியில் விளக்கு எரியவைக்கிற பெட்டி. அவன் சிரித்தான்.

"அது வேற. இது கம்ப்ரஸரை ஓட்டுத இன்வெர்ட்டராக்கும். உனக்க கம்ப்ரஸருக்கு ரெண்டு புத்திதான். முழு வேகத்துல ஓடு, இல்லேன்னா நில்லு. இது அப்படியில்ல. வாற கறண்டை மொதல்ல டிசி ஆக்கும். பெறவு அதை வெட்டி வெட்டி மூணு கம்பி வழியா மோட்டாருக்குக் குடுக்கும். வேகமா வெட்டினா மோட்டார் வேகமா ஓடும், மெல்ல வெட்டினா மெல்ல ஓடும். ரூம் சூடா கெடந்தா பாய்ஞ்சு ஓடும். குளுந்துட்டா நிக்காது, நடக்கும். கெளம்பும்போதும் மெல்லத்தான் கெளம்பும். வெளக்கு மங்காது."

"ஒரு டன் குளிர் ஒரு டன் குளிர்தான். மெல்ல ஓடினா மெல்லத்தான் குளிரும். இதுல லாபம் எங்க இருந்து வரும்?" என்றேன். பதினைந்து வருடம் சாதாரண கம்ப்ரஸரோடு பழகிய திமிர் அது.

"மெல்ல ஓடும்போ அதே காயிலு பெருசா ஆன மாதிரி ஆக்கும். சூடு சுளுவா வெளியே போவும், அழுத்தம் குறையும், கம்ப்ரஸருக்கு வேலை குறையும். வந்த பெறவு மீட்டரைப் பாரு," என்றான்.

அவனோடு சிங்கப்பூரில் வேலை செய்தவர்கள் சேர்ந்து ஒரு இன்வெர்ட்டர் ஸ்பிளிட் ஏசி வாங்கி, ஊருக்கு வந்த ஒருவரின் சாமான்களோடு அனுப்பினார்கள். அங்கேயும் இங்கேயும் ஒரே வோல்ட்டேஜ் என்பதால் தொந்தரவில்லை. நான் அதைப் பொருத்தினேன் என்று சொல்வது பாதி உண்மை. கட்டிலைத் தள்ளி அவன் முகத்தைச் சுவரைப் பார்க்கவைத்து, அவன் சொல்லச் சொல்ல நான் செய்தேன். குழாயை இன்னும் கொஞ்சம் வளை, நட்டை அவ்வளவு இறுக்காதே, குழாய்க்குள் இருக்கிற காற்றை உறிஞ்சும் வேக்குவம் பம்பை நிறுத்தாதே, இன்னும் அரைமணி ஓடட்டும். அவன் கை செய்யவேண்டிய வேலையை என் கை செய்தது. முடிந்தபோது அவன் நெற்றியில் வியர்வை இருந்தது. அவன் உடம்பில் வியர்க்கிற இடம் அது ஒன்றுதான்.

சாயங்காலம் ஏழு மணிக்கு, வோல்ட்டேஜ் விழுந்து கிடந்த நேரத்தில், வேண்டுமென்றே ஏசியை நிறுத்தி மறுபடி போட்டோம். நான் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். விளக்கு அசையவில்லை. வெளியே யூனிட்டிலிருந்து ஒரு மெல்லிய ரீங்காரம் தொடங்கி, மெதுவாக ஏறியது. அவன் மனைவி கம்பளிகளை மடித்து அலமாரியில் வைத்தாள்.

அந்த மெஷினுக்கு ரிமோட் இருந்தது. அவள் அதை ஒரு சிறிய பலகையில் துணி நாடாவால் கட்டி, அவன் வலதுகைப் பக்கம் வைத்தாள். அவன் மணிக்கட்டைத் தூக்கி, மடங்கிக் கிடந்த விரல் முட்டியால் பொத்தானை அழுத்துவான். பத்துத் தடவையில் ஆறு தடவை சரியாக விழும். வீட்டுக்கு வந்த பிறகு அவன் யாரையும் கேட்காமல் தானாகச் செய்த முதல் காரியம் அதுதான். விருந்தாளி வந்தால் போதும், இருபத்தாறை இருபத்தைந்தாக்கிக் காட்டுவான்.

அடுத்த மூன்று வாரம் நாங்கள் இருவரும் பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் போல இருந்தோம். பழைய விண்டோ ஏசி அதன் ஓட்டையிலேயே இருந்தது. ஒருநாள் அது, ஒருநாள் இன்வெர்ட்டர் என்று மாற்றி மாற்றி ஓட்டினோம். காலை ஆறு மணிக்கு அவள் மீட்டரைப் பார்த்து எழுதிவைப்பாள். அந்த மீட்டரில் சக்கரம் அறுநூறு சுற்று சுற்றினால் ஒரு யூனிட். நான் கைக்கடிகாரத்தோடு மீட்டர் அடியில் நின்று சுற்றை அளந்து ஜன்னல் வழியாகச் சத்தமாகச் சொல்லுவேன். கம்ப்ரஸர் ஓடும்போது விண்டோ ஏசிக்கு நான்கு விநாடிக்கு ஒரு சுற்று. எப்போது பார்த்தாலும் அதே நான்கு. நின்றால் காற்றாடி மட்டும்தான், சக்கரம் ஊர்ந்துபோகும். இன்வெர்ட்டர் போட்டதும் ஐந்து விநாடி. நான் ஜெயித்துவிட்ட குரலில் கத்தினேன்.

"எலே, ரெண்டுக்கும் ஒரு விநாடிதான் வித்தியாசம்!"

"ஒரு மணிக்கூறு கழிஞ்சு பாருலே," என்று உள்ளிருந்து குரல் வந்தது.

ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தேன். ஒன்பது விநாடி. காலையில், வெயில் ஏறும் முன், பதினான்கு விநாடி. மேற்குச் சுவரில் வெயில் அடிக்கும் மூன்று மணிக்கு மறுபடி ஐந்து. அதாவது முழுச் சூட்டில் இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான். சூடு தணிந்த பிறகு நீண்ட நேரம் ஓடுவதில்தான் லாபம் இருந்தது.

விண்டோ ஏசி ஓடிய நாட்களில் வீட்டின் மொத்தச் செலவு இருபத்திரண்டு யூனிட் பக்கம் வந்தது. இன்வெர்ட்டர் நாட்களில் பதின்மூன்று. நான் துள்ளிக் குதித்தேன். ஒன்பது யூனிட்! கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொன்னேன். திமிர் அப்படியே எதிர்ப்பக்கம் திரும்பிவிட்டது. ஆனால் அவன் ஒத்துக்கொள்ளவில்லை.

"கள்ளக் கணக்கு சொல்லாதே. ஒம்பதும் இன்வெர்ட்டருக்க லாபம் இல்ல. சாயங்காலம் நீ பழசை கடைசி வரை திருப்பி வச்சு நிக்காம ஓட்டுதே. ரூமை ஐஸாக்கினதுக்குள்ள செலவு அது. பழசை ஒழுங்கா வச்சு ஓட்டிப் பாரு."

சாயங்காலமும் வோல்ட்டேஜ் விழாத இரண்டு விடுமுறை நாள் கிடைத்தது. தெர்மோஸ்டாட்டைச் சரியான இடத்தில் வைத்து விண்டோ ஏசியை ஓட்டினோம். பதினேழு வந்தது.

"இப்போ லாபம் நாலு," என்றான் அவன். "அதுலயும் கொஞ்சம் புது காயிலுக்குள்ளது. பழசு பழசுதானே. நாள் முழுக்க ஓடுத ரூமானதுனால இதாவது உண்டு. ராத்திரி ரெண்டு மணிக்கூறு போட்டுட்டு ஆஃப் பண்ணுதவனுக்கு ஒண்ணும் கிட்டாது. அவன் மெஷினுக்குக் குடுத்த பைசா மெஷினோட போச்சு."

அவன் மனைவி அடுக்களையில் ஃபிரிட்ஜைத் திறந்தபடி கேட்டாள். "அப்போ இதுக்கும் இன்வெர்ட்டர் வருமா?"

"ஜப்பான்ல உண்டு. ஃபிரிட்ஜ் ராவும் பகலும் ஓடுதது. அதனால நின்னு நின்னு கெளம்புததை விட நடந்துட்டே இருக்கது நல்லது. ஆனா மொத்தமே ஒரு நாளைக்கு ரெண்டு யூனிட்டுதானே தின்னுது? அதுல எவ்வளவு மிச்சம் வரும்? நீ கதவைத் தொறந்து வச்சுட்டு நின்னு பேசுததை நிறுத்தினா அந்த மிச்சம் இப்பவே கிட்டும்," என்றான். அவள் கதவை அறைந்து சாத்தினாள். மூன்று பேரும் சிரித்தோம். அந்த வீட்டில் நாங்கள் மூவரும் சேர்ந்து சிரித்ததில் எனக்கு நன்றாக நினைவிருப்பது அந்த ஒருமுறைதான்.

மொட்டைமாடியில் ஓலை வேயச் சொன்னான். வேய்ந்தோம். பதின்மூன்று பதினொன்றரையானது. இன்வெர்ட்டருக்குக் கொடுத்த புகழில் பாதியை இனி தென்னை ஓலைக்குக் கொடு என்றான்.

நான் அதோடு நிறுத்தியிருக்க வேண்டும். எனக்கு மீட்டர் பைத்தியம் பிடித்திருந்தது. விண்டோ ஏசி இருந்த ஓட்டையைச் சுற்றி இடுக்குகள் இருந்தன. மத்தியானம் கையை வைத்தால் சூடான காற்று உள்ளே வருவது தெரியும். மெஷினை எடுத்துவிட்டுச் செங்கல் வைத்து அடைத்தால் இன்னும் ஒரு யூனிட்டாவது குறையும் என்று சொன்னேன்.

"ஓட்டையை அடைக்காண்டாம்," என்றான். "இடுக்குல ஸ்பாஞ்சு வை, துணி வை, என்ன வேணும்னாலும் வை. மெஷின் அங்ஙனயே இருக்கட்டு. இந்த இன்வெர்ட்டருக்க சர்க்யூட் போர்டு போச்சுன்னா இஞ்ச யாருகிட்ட உண்டு?"

நான் சரி என்றேன். ஸ்பாஞ்ச் வைத்தேன். மனம் கேட்கவில்லை.

அடுத்த மாதம் முதுகுப் புண்ணைக் காட்ட அவனைத் திருவனந்தபுரத்துக்குக் கொண்டுபோனார்கள். மூன்று நாள் அங்கே இருக்க வேண்டியிருந்தது. வீட்டுச் சாவி என்னிடம் இருந்தது. அந்த மூன்று நாளில் ஒரு கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு போய் விண்டோ ஏசியை இறக்கி, ஓட்டையைச் செங்கல் வைத்து அடைத்து, உள்ளும் வெளியும் பூசி, வெள்ளையும் அடித்துவிட்டேன். வந்ததும் ஆச்சரியப்படுவான் என்று நினைத்தேன்.

அவன் வந்து, கட்டிலில் படுத்து, அந்தச் சுவரைக் கொஞ்ச நேரம் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"கொள்ளாம்லே. பூச்சு நல்லா வந்திருக்கு," என்றான். "மீட்டரு எவ்வளவு காட்டுதுன்னு பாப்போம்."

ஒரு யூனிட் குறைந்தது. நான் சொன்னபோது அவன் தோளை உயர்த்தி, "ஜெயிச்சுட்டே," என்றான்.

இறக்கிய மெஷின் என் கடையில் கிடந்தது. பனச்சமூட்டில் ஸ்டுடியோ வைத்திருந்த ஒருவர் தன் ஏசி கெட்டுப்போய் பிரிண்ட் போடும் அறை வேகிறது, கல்யாண சீசன் முடியும்வரை ஏதாவது மெஷின் தரமுடியுமா என்று கேட்டார். நண்பனின் மனைவியிடம் கேட்டேன். "சும்மா கெடக்குததை குடுங்க, அண்ணே," என்றாள். கொண்டுபோய் மாட்டிக்கொடுத்தேன்.

மேடத்தில் ஒரு சாயங்காலம், கோடையில் பெய்யும் வேனல் மழை வந்தது. அந்த மழைக்கு எங்கள் ஊரில் எல்லோரும் பயப்படுவார்கள். மழைக்கு முன்னால் இடி வரும். வானம் இருண்டதும் ஏசியின் சுவிட்சை அணைப்பது அவள் வழக்கம். அன்றைக்கு வானம் முழுவதும் இருளவும் இல்லை. அவள் முன்முற்றத்தில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். முதல் இடியே வீட்டுக்குப் பின்னால் நின்ற தென்னையில் விழுந்தது. ஊருக்கே கரண்ட் போனது. அன்று இரவு முழுவதும் அவள் ஈரத்துணியோடும் விசிறியோடும் உட்கார்ந்திருந்தாள். அந்த மழை இரவில் எனக்குச் சொல்லியனுப்ப அவளுக்கு ஆளில்லை.

காலையில் நான் தற்செயலாகத்தான் போனேன். அவன் முகம் சிவந்து கிடந்தது. பதினொரு மணிக்குக் கரண்ட் வந்தது. காற்றாடி சுற்றியது. ஏசி உயிர்க்கவில்லை.

வெளி யூனிட்டைத் திறந்தேன். போர்டின் ஒரு மூலை கருகியிருந்தது. ஃபியூஸ் வெடித்திருந்தது. என்னால் முடியும் என்று நினைத்தேன். இதுதான் என் இரண்டாவது தவறு. சைக்கிளில் கடைக்குப் போய் ஃபியூஸும் டயோடும் எடுத்துவந்து மாற்றினேன். போட்டதும் படாரென்று வெடித்தது. வேறொன்றை ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். மறுபடி வெடித்தது. இரண்டு மணியாகிவிட்டது. கம்ப்ரஸரின் மூன்று முனைகளையும் பார்த்தபடி நின்றேன். உள்ளேயிருந்து அவன் குரல் வந்தது. மெலிந்திருந்தது.

"எலே, நேரா லைனை கோக்கலாமான்னு நெனைக்காதே. அது மூணு பேஸ் மோட்டாராக்கும். நம்ம வீட்டுக் கறண்டுல ஓடாது. கெப்பாசிட்டர் வச்சாலும் வேகாது. மோட்டாருக்க காயிலு கருகிப்போவும்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கினான். "பழசு எங்க கெடக்கு?"

"பனச்சமூட்டில."

அவன் கண்ணை மூடிக்கொண்டான். "எடுத்துட்டு வா, மக்கா," என்றான்.

ஜீப் பிடித்து ஓடினேன். ஸ்டுடியோக்காரர் விஷயத்தைக் கேட்டதும் உள்ளே ஓடிய பிரிண்ட் வேலையை அப்படியே நிறுத்திவிட்டு, தானே மெஷினின் ஒரு பக்கத்தைத் தூக்கினார். திரும்பி வந்தபோது ஐந்தரை. கொத்தனார் வேலைக்குப் போன இடத்திலிருந்து வரவில்லை. நானே உளியும் சுத்தியலும் எடுத்து, நானே அடைக்கச் சொன்ன சுவரை உடைத்தேன். சிமெண்ட் நன்றாக இறுகியிருந்தது. தூசி அவன்மேல் படாமல் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மெஷினை ஏற்றி, ஸ்டெபிலைசரோடு இணைத்து, சுவிட்சைப் போட்டபோது ஏழு.

விளக்குகள் மங்கின. மெஷின் முனகியது. டக்.

மூன்று நிமிடம் பொறுத்து மறுபடி போட்டேன். டக். அழுத்தம் சமமாகட்டும் என்று பத்து நிமிடம் விட்டுப் போட்டேன். டக். வோல்ட்டேஜ் நூற்று ஐம்பது. இரண்டு வீடு தள்ளிப்போய் விளக்கை அணைக்கச் சொல்லிக் கெஞ்சினேன். அணைத்தார்கள். போதவில்லை.

காலை பதினொன்றுக்குக் கரண்ட் வந்தபோது வோல்ட்டேஜ் இருநூற்றுப் பத்து இருந்தது. மெஷின் அந்தச் சுவரிலேயே இருந்திருந்தால் அப்போதே கிளம்பியிருக்கும். தெர்மோஸ்டாட்டைத் திருப்பி வைத்தால் விடியும்வரை நிற்காமல் ஓடியிருக்கும். இதை அன்றைக்கு நான் வாய்விட்டுச் சொல்லவில்லை. அவனும் சொல்லவில்லை. தொழில் தெரிந்த இரண்டு பேரும் அந்த மெஷினைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

விடியும் முன் வோல்ட்டேஜ் ஏறியதும் அது முதல் தட்டிலேயே ஓடியது. அறை குளிர்ந்தது. அவன் உடம்பு குளிரவில்லை. மூச்சில் ஒரு கரகரப்பு இருந்தது. நெய்யாற்றின்கரைக்குக் கொண்டுபோனோம், அங்கிருந்து திருவனந்தபுரத்துக்கு. ஆறாவது நாள் இறந்துபோனான்.

நெஞ்சில் சளி கட்டி நிமோனியா என்றார்கள். இருமக்கூட பலமில்லாத உடம்பு. அது சில நாள் முன்னாலேயே தொடங்கியிருக்கும் என்றார் ஒரு டாக்டர். அந்த இரண்டு ராத்திரியின் சூடு தாங்கியிருக்காது என்றார் இன்னொருவர். பிறகு நான் வேறு டாக்டர்களிடமும் கேட்டிருக்கிறேன், யாருக்கோ நடந்தது போல. எனக்கு இரண்டு பதிலும் மாறி மாறித்தான் கிடைத்திருக்கின்றன.

சடங்கெல்லாம் முடிந்து சொந்தக்காரர்கள் போன பிறகு, ஒருநாள் மத்தியானம் அந்த வீட்டுக்குப் போனேன். அவளிடம் சொல்லிவிட வேண்டும் என்று போனேன். அறையில் கட்டில் இல்லை. சுவரில் நான் அவசரத்தில் உடைத்த ஓட்டையின் ஓரங்கள் பல் பல்லாக நின்றன. அவள் சாயா கொண்டுவந்து வைத்தாள்.

"அவன் அடைக்காண்டாம்னு சொன்னான்," என்றேன். "நான்தான் கேக்கல்ல. அந்த மெஷின் அங்ஙன இருந்திருந்தா…"

"எனக்குத் தெரியும், அண்ணே."

அவள் எதிரே தரையில் உட்கார்ந்தாள். பிறகு சொன்னாள். "ஆசுபத்திரில இருந்து வந்த அன்னைக்கு, நீங்க போன பெறவு நான் கேட்டேன். இது செரியா, அண்ணங்கிட்ட சொல்லி திருப்பி வைக்கச் சொல்லவான்னு. சொல்லாண்டாம்னாரு. அவனுக்கு என்ன சந்தோசம் பாத்தியா, இடியும் மழையும் வரதுக்குள்ள நானே மெல்ல சொல்லிக்கிடுதேன்னாரு. பெறவு ஒவ்வொரு நாளும் நீங்க மீட்டரு பாத்து சிரிச்சிட்டே வந்தீங்க. அவரு சொல்லல்ல. நானும் சொல்லல்ல."

நான் சாயா கிளாசைக் கீழே வைத்தேன்.

"ஸ்டுடியோக்கு குடுக்கட்டான்னு நீங்க கேட்டப்போ வேண்டாம்னு நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும்," என்றாள். "அதை நான் யாருகிட்ட போய்ச் சொல்லுவேன்?"

அவள்மேல் தவறில்லை என்று சொன்னேன். அவளும் அதையே எனக்குச் சொன்னாள். இரண்டுமே இரண்டு பேருக்கும் உதவவில்லை.

சிங்கப்பூரிலிருந்து புது போர்டு இரண்டு மாதம் கழித்து வந்தது. மாட்டட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், வியர்த்துக்கொண்டு படுத்தால்தான் எனக்கு உறக்கம் வருகிறது என்றாள். கொஞ்ச நாளில் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு நெய்யாற்றின்கரையில் அறை எடுத்துக்கொண்டாள். ஜவுளிக்கடையில் மறுபடி சேர்ந்தாள். எப்போதாவது பஸ் ஸ்டாண்டில் பார்ப்பேன். சுகமா அண்ணே என்பாள். சுகம் என்பேன். அவளுடைய பஸ் வரும்வரை சும்மா நிற்போம். பேச வேண்டியதெல்லாம் அவனைப் பற்றியதாக இருந்தது, அதை நாங்கள் இருவரும் தொடவில்லை. பஸ் வந்ததும், "வாறேன், அண்ணே," என்று ஏறிப் போவாள்.